காலை 7 மணிப் பணிமாற்றமும் ஓர் இடப்பக்க வலுவிழப்பும்: செவிலியர் ஒப்படைப்புக் குறிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு பக்கக் கைகால் புதிதாக வலுவிழந்து வரும் நோயாளிக்கு எழுதப்படும் ஒப்படைப்புக் குறிப்பில் எதைக் கவனிக்க வேண்டும், எதை எப்போது மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கிறது. நோயாளி பாம்பனுக்கு அருகிலுள்ள கடலோர ஊரைச் சேர்ந்த 61 வயது மீனவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் இரவுப் பணி முடிந்து காலைப் பணி தொடங்கியது. கண்காணிப்பு மிக நெருக்கமாக இருக்க வேண்டிய நேரத்தில் பார்க்கும் கண்கள் மாறின என்பதால்தான் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்தேன்.

அவர் முந்தைய நாள் மாலை இன்னும் இருவருடன் நாட்டுப்படகில் மீன்பிடிக்கச் சென்றிருந்தார். வலையை இறக்கிவிட்டு இரவு 10 மணிக்குப் படுத்தவரை, வலை இழுக்க நள்ளிரவு தாண்டி 2:40 மணிக்கு எழுப்பியபோது இடது கையால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்த உடனிருந்தவர்கள் அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாவது மிடறிலேயே புரையேறியது. 3:30 மணிக்குக் கரைக்கு வந்து, 108 ஆம்புலன்சில் ஏற்றி, 4:50 மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் பதிவான வாசகம், “இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தார், 2:40-க்குக் குறை கண்டறியப்பட்டது” என்பதாகும். இப்படிப் பதிவானால் கணக்கு 10 மணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு, அது கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், அவர் நலமாக இருந்ததாகக் கடைசியாக உறுதி செய்யக்கூடிய நேரத்தையே எடுத்துக்கொள்கிறோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமான முறையில் அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 10 மணியை வைத்துப் பார்த்தால், அவரைப் படகில் எழுப்பியபோதே அந்தக் கெடு முடிந்துவிட்டது.

நோயாளியிடமே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், கை நல்லாத்தான் இருக்கு” என்றார். இடது கையைத் தூக்கச் சொன்னபோது வலது கையைத் தூக்கிக் காட்டினார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது இடது கைகால் மட்டும் செயலிழப்பதில்லை. உடலில் அப்படி ஒரு பக்கம் இருப்பதே சிலருக்கு நினைவில் இருக்காது, குறை இருப்பதை மனதார மறுப்பார்கள். இதைப் பிடிவாதம் என்றோ குழப்பம் என்றோ எழுதிவிடுவது வழக்கம். அப்படி எழுதினால், இவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்ற முக்கியமான தகவல் அடுத்த செவிலியருக்குப் போகாது.

அதனால் இரவுப் பணியில் இருந்த செவிலியர், ஆம்புலன்சில் உடன்வராமல் கரையிலேயே நின்றுவிட்ட இரண்டாவது கூட்டாளியைத் தொலைபேசியில் பிடித்தார். கடலில் இருப்பவர்களிடம் “எத்தனை மணி” என்று மட்டும் கேட்டால் உத்தேசமான பதிலே வரும். அந்த இரவில் நடந்த ஒரு காரியத்தோடு சேர்த்துக் கேட்டால் நேரம் தானாக வந்துவிடும். அவர் அப்படித்தான் கேட்டார். “பக்கத்துப் படகுலேருந்து போன் வந்துச்சு, வலை ஒண்ணோட ஒண்ணு சிக்குதுன்னு. அண்ணன்தான் எந்திரிச்சு, ரெண்டு கையாலயும் நங்கூரக் கயித்த இழுத்துக் கட்டிட்டு, என்னையும் ரெண்டு ஏசு ஏசிட்டுத் திரும்பப் படுத்துச்சு” என்றார் கூட்டாளி. அவருடைய அலைபேசியின் அழைப்புப் பதிவில் அந்த அழைப்பு 2:05 மணிக்கு வந்திருந்தது. இரண்டு கைகளாலும் கயிறு இழுத்ததும் தெளிவாகத் திட்டியதும் நலமாக இருந்ததற்கு நல்ல சான்றுகள். கெடு 6:35 மணிக்கு நகர்ந்தது.

குளுக்கோஸ் 186 இருந்தது. ஆகவே சர்க்கரை குறைந்ததால் வந்த வலுவிழப்பு அல்ல. சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. இரத்த அழுத்தம் 178/102, அதாவது மருந்து தொடங்குவதற்கு முன் இருக்க வேண்டிய 185/110 என்ற வரம்புக்குள் இருந்தது. படுக்கைத் தராசில் எடை 64 கிலோ. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் 57.6 மில்லிகிராம் கணக்கிடப்பட்டு, அதில் பத்தில் ஒரு பங்கு 5:30 மணிக்கு நேரடியாகவும் மீதி ஒரு மணி நேரத்தில் பம்ப் வழியாகவும் செலுத்தப்பட்டது. 6:30 மணிக்கு மருந்து முடிந்தது.

குறிப்பில் எதை எழுதுவது என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. வந்தபோது அவருடைய இடது கையை, படுத்த நிலையில் 45 பாகை உயர்த்திப் பிடித்து விட்டால், 5 நொடியில் படுக்கையில் விழுந்தது. பார்வை வலப்பக்கமே சாய்ந்திருந்தது. என்.ஐ.எச். பக்கவாத அளவுகோலில் மொத்தம் 9 புள்ளிகள். மருந்து முடிந்தபின், 7 மணிக்கு, அதே கை மெல்ல இறங்கினாலும் 10 நொடி வரை படுக்கையைத் தொடவில்லை. பார்வை நடுவுக்கு வந்துவிட்டது. புள்ளி 6 ஆகக் குறைந்தது. ஆக, ஏழு மணிக்கு நம் முன் இருந்தவர் வந்ததைவிடத் தேறிய நோயாளி.

இந்தத் தேறுதலை எழுதாமல், “இடப்பக்க வலுவிழப்பு, மருந்து கொடுக்கப்பட்டது, நினைவுடன் இருக்கிறார், நிலை சீர்” என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் எட்டரை மணிக்கு அந்தக் கை மறுபடி 5 நொடியில் விழுந்தால், இந்தக் குறிப்பைப் படித்தவர் என்ன நினைப்பார்? இடப்பக்கம் வலுவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்று விட்டுவிடுவார். வந்தபோது இருந்த நிலையும் மோசமடைந்த நிலையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த வகை நோயாளிகளுக்கு எழுதப்படும் குறிப்புகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான். தவறான தகவலைவிட, மாற்றத்தைக் காட்ட முடியாத சரியான தகவலே இங்கு கூடுதலாகக் கெடுக்கிறது.

அன்று எழுதப்பட்ட குறிப்பின் பெரும்பகுதியை அப்படியே தருகிறேன். பெயரும் படுக்கை எண்ணும் நீக்கப்பட்டுள்ளன.

“நலமாக இருந்ததாகக் கடைசியாக உறுதியான நேரம் 2:05, படகுக் கூட்டாளி சொன்னது, அவரது அலைபேசி அழைப்புப் பதிவோடு ஒத்துப்போகிறது. குறை கண்ட நேரம் 2:40. அல்டிபிளேஸ் 5:30-க்குத் தொடங்கி 6:30-க்கு முடிந்தது. வந்தபோது இடது கை 5 நொடியில் படுக்கையில் விழுந்தது. இப்போது 7 மணிக்கு 10 நொடி தாங்குகிறது, மெல்ல இறங்குகிறது, படுக்கையைத் தொடவில்லை. இடது கால் 30 பாகையில் 5 நொடி தாங்குகிறது, சற்று இறங்குகிறது. வாய் வலப்பக்கம் இழுக்கிறது. பேச்சு குழறல், ஆனால் புரிகிறது. கூப்பிட்டால் உடனே கண் திறக்கிறார், மாதமும் வயதும் சரியாகச் சொல்கிறார். கண்மணிகள் இரண்டும் 3 மில்லிமீட்டர், ஒளிக்குச் சுருங்குகின்றன. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. அளவுகோலில் வந்தபோது 9, இப்போது 6.

இடப்பக்கத்தை உணர்வதில்லை, கை நன்றாக இருக்கிறது என்றே சொல்வார், எழுந்து நடக்க முயல்வார். ஒருமுறை முயன்றுவிட்டார். தடுப்புக் கம்பிகள் இரு பக்கமும் உயர்த்தியிருக்க வேண்டும், அழைப்பு மணி வலது கையருகே.

படகில் சர்க்கரைத் தண்ணீர் குடித்தபோது புரையேறியது. விழுங்கும் சோதனை செய்யும்வரை தண்ணீர், டீ, மாத்திரை எதுவும் வாய்வழி கூடாது. மனைவியிடம் சொல்லியாகிவிட்டது, மகன் வந்தால் அவரிடமும் சொல்ல வேண்டும். நேற்று இரவு கிளிமெபிரைடு எடுத்திருக்கிறார், வெறும் வயிறு. குளுக்கோஸ் அடுத்து 9 மணிக்கு, நிலை மாறினால் அப்போதே. வீட்டில் எனலாப்ரில் எடுக்கிறார். உதடும் நாக்கும் வீங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தம் வலது கையில் மட்டும். 7 மணிக்கு 166/94. வந்ததிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை, குழாய் போடவில்லை.”

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். எனலாப்ரில் வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அல்டிபிளேஸ் கொடுக்கும்போது நாக்கும் உதடும் வீங்குவது கூடுதலாக நிகழ்கிறது. பெரும்பாலும் வலுவிழந்த பக்கத்தில் தொடங்கும் அந்த வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கும் அளவுக்கு வளரக்கூடும். ஏற்கெனவே குழறலாகப் பேசுகிறவரின் குரல் இன்னும் தடித்தால் அதைப் பக்கவாதத்தின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு இருப்பதால், வாயைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த மாத்திரையின் பெயர் அவசரப் பிரிவுப் பதிவில் இல்லை. மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சிறுநீரைப் பற்றிய வரி சாதாரணமாகத் தோன்றும். மருந்து கொடுத்த முதல் சில மணி நேரத்தில், கட்டாயமில்லாமல் சிறுநீர்க் குழாயோ மூக்கு வழிக் குழாயோ போடுவதில்லை. உள்ளே சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காது. ஆனால் நிரம்பிய சிறுநீர்ப்பை இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், நோயாளியையும் எழுந்து போகத் தூண்டும். எழுந்தால் விழுவார். அதனால் படுக்கையிலேயே பாத்திரம் வைத்து முயன்று பார்க்க வேண்டும் என்பதை ஒப்படைப்பில் வாய்வழியும் சொன்னார்கள்.

குறிப்பின் கடைசிப் பகுதி மருத்துவரைக் கூப்பிட வேண்டிய எல்லைகளைப் பற்றியது. “ஏதாவது மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்” என்று எழுதுவது எளிது. ஆனால் எது மாற்றம் என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதையும் அது அந்த நோயாளியை இதுவரை பார்த்தே இராத ஒருவர்மேல் போட்டுவிடுகிறது. அன்றைய குறிப்பில் எல்லைகள் எண்களாகவே இருந்தன. 180/105-ஐ மேல் எண்ணோ கீழ் எண்ணோ தாண்டினால் 5 நிமிடத்தில் மீண்டும் அளந்து, அப்போதும் தாண்டியிருந்தால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கை 10 நொடிக்குள் படுக்கையைத் தொட்டாலோ, புதிதாகத் தலைவலியோ வாந்தியோ வந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ, கண்மணிகளில் வேறுபாடு தெரிந்தாலோ மீண்டும் அளந்து பார்க்கக் காத்திருக்காமல் அந்த நொடியே கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. இரத்த அழுத்தம் மட்டும் ஏறினால் அளவீட்டுப் பிழையாக இருக்கலாம் என்பதால் 5 நிமிடம் கொடுக்கலாம். நரம்பியல் நிலை மாறினால் அது மூளைக்குள் இரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மருந்து ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவர் வரும்வரை காத்திராமல் பம்பை நிறுத்துவது செவிலியரின் வேலை.

கண்காணிப்பின் இடைவெளி மருந்து தொடங்கிய நேரத்தைப் பொறுத்தது, பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்ததல்ல. முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அதன்பின் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் நரம்பியல் நிலையும் பார்க்கப்பட வேண்டும். அதனால் குறிப்பில் “15 நிமிடத்துக்கு ஒருமுறை 7:30 வரை, அரை மணிக்கு ஒருமுறை மதியம் 1:30 வரை, மணிக்கு ஒருமுறை நாளைக் காலை 5:30 வரை” என்று கடிகார நேரமாகவே எழுதப்பட்டது. பணிமாற்றத்தின்போது எல்லா வார்டுகளிலும் நடப்பதுபோல, 7 மணிக்கும் 7:30-க்கும் நடுவே ஒரு அளவீடு விடுபட்டுப்போக எல்லா வாய்ப்பும் இருந்தது. 7:15 அளவீட்டை இரவுச் செவிலியரே எடுத்துவிட்டுப் போவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அதைவிடப் பயன்பட்டது, ஏழு மணிச் சோதனையை இருவரும் படுக்கையருகே சேர்ந்து செய்தது. கையை எந்த உயரத்தில் பிடித்து விடுவது, எப்போதிருந்து நொடி எண்ணுவது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஒருவர் முழங்கையை மடக்கிய நிலையில் விட்டுப் பார்த்து, அடுத்தவர் நீட்டிய நிலையில் விட்டுப் பார்த்தால், மாறாத கை மாறியதுபோலவும் மாறிய கை மாறாததுபோலவும் தெரியும். இரவுச் செவிலியர் செய்து காட்ட, காலைச் செவிலியர் மறுபடி செய்து பார்த்து, இருவருக்கும் 10 நொடி வந்தபின்தான் கையெழுத்திட்டார்கள்.

7:30-க்கு 170/96. 8 மணிக்கு 176/100. வரம்பைத் தாண்டவில்லை என்றாலும் ஏறுமுகம் என்பதைக் காலைச் செவிலியர் ஓரத்தில் குறித்து, படுக்கையில் பாத்திரம் வைத்து முயன்றார். 400 மில்லிலிட்டர் சிறுநீர் வந்தது. அதனால் அழுத்தம் இறங்கும் என்று எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. ஆனால் 8:30-க்கு 192/106. கூப்பிட்டபோது உடனே கண் திறக்கவில்லை, தோளைத் தட்டியபின் திறந்தார். “தலை வலிக்குதா?” என்று கேட்டதற்கு இல்லை என்றே சொன்னார், ஆனால் வலது கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இடது கையை உயர்த்தி விட்டபோது நான்காவது நொடியில் படுக்கையைத் தொட்டது. பார்வை மறுபடி வலப்பக்கம் போயிருந்தது. அளவுகோலில் 10 புள்ளிகள்.

ஆறிலிருந்து பத்து. நான்கு புள்ளி ஏற்றம் என்பது பக்கவாதச் சிகிச்சையில் கணிசமான பின்னடைவாகக் கருதப்படும் அளவு. வந்தபோது இருந்த 9-ஐ மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அது ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். காலைச் செவிலியர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “சார், 5:30-க்கு அல்டிபிளேஸ் தொடங்கிய இடப்பக்க வலுவிழப்பு நோயாளி. ஏழு மணிக்குக் கை பத்து நொடி தாங்கியது, இப்போது நாலு நொடியில் விழுகிறது. புள்ளி ஆறு, இப்போது பத்து. தூக்கக் கலக்கம் புதிது. 192/106. குளுக்கோஸ் 148. நீங்கள் வர வேண்டும், சி.டி.க்குச் சொல்லிவிடுகிறேன்.” கேள்வி கேட்க வேண்டிய தேவையே மருத்துவருக்கு ஏற்படவில்லை. குளுக்கோஸை முன்கூட்டியே பார்த்துச் சொன்னதும் நேரத்தை மிச்சப்படுத்தியது. கிளிமெபிரைடு எடுத்து வெறும் வயிற்றோடு இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் பக்கவாதம் மோசமானதுபோலவே தெரியும்.

மருத்துவர் வந்தபோது நோயாளி ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். உடனே பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து வாயை உறிஞ்சி எடுத்தார்கள். லேபெட்டலால் 10 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்து அழுத்தம் 168/94-க்கு இறக்கப்பட்டது. 8:52-க்கு எடுத்த சி.டி.யில் வலப்பக்க மூளையின் ஆழத்தில், இரத்தம் செல்லாமல் பாதிக்கப்பட்ட அதே இடத்துக்குள், சிறிய இரத்தக்கசிவு இருந்தது. மூளை நகரவில்லை. இரத்த உறைவுச் சோதனைகளுக்கும் பைப்ரினோஜன் அளவுக்கும் மாதிரி அனுப்பப்பட்டது. தேவைப்பட்டால் கிரையோபிரெசிப்பிடேட் வேண்டும் என்று இரத்த வங்கிக்கும் அப்போதே சொல்லப்பட்டது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்பது மதுரையிலிருந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் கருத்து.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரத்தக்கசிவு நல்ல குறிப்பால் தடுக்கப்படவில்லை, தடுக்கப்படவும் முடியாது; அது இந்த மருந்தின் தெரிந்த ஆபத்து. எட்டரைக்குத் தெரிந்தது ஒன்பதரைக்குத் தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்லிவிட முடியாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, 192/106 என்ற அழுத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூளைமீது இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கும் என்பது மட்டுமே.

மதியப் பணிக்கு எழுதப்பட்ட அடுத்த குறிப்பில் ஒப்பீட்டு நிலை மாற்றி எழுதப்பட்டது. “ஏழு மணிக்கு 6, எட்டரைக்கு 10, பகல் ஒரு மணிக்கு 9, இனி ஒப்பிட வேண்டியது இந்த 9 உடன், கை 6 நொடியில் படுக்கையைத் தொடுகிறது” என்று தொடங்கிய அந்தக் குறிப்பில், மருத்துவர் கசிவுக்குப் பின் மாற்றிய புதிய இரத்த அழுத்த இலக்கும், ஆஸ்பிரின் எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் தொடங்கக்கூடாது என்பதும் அடிக்கோடிட்டு எழுதப்பட்டன. பக்கவாதம் என்றால் ஆஸ்பிரின் என்று கை தானாகப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. இவருக்கு மறுநாள் சி.டி. பார்க்கும்வரை அது கூடாது, அதன்பிறகும் மருத்துவர் முடிவு செய்யும் நாளில்தான்.

மறுநாள் காலை 5:30-க்கு எடுத்த சி.டி.யில் கசிவு பெரிதாகவில்லை. அன்று முற்பகலில் அவர் நன்றாக விழித்திருந்தபோது, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரோடு விழுங்கும் சோதனை தொடங்கப்பட்டது. மூன்றாவது கரண்டியில் இருமல் வந்தது, குரலும் ஈரமாகக் கரகரத்தது. சோதனை அங்கேயே நிறுத்தப்பட்டு, மருத்துவரின் ஒப்புதலோடு மூக்கு வழிக் குழாய் போடப்பட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மகன் பிளாஸ்கில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். “அப்பா கேக்குறாரு சிஸ்டர், ஒரு வாய்தான்” என்றவருக்கு, அந்த மூன்றாவது கரண்டியில் என்ன நடந்தது என்பதை விளக்கிச் சொல்லி, சொன்ன நேரத்தையும் சொன்னவர் பெயரையும் செவிலியர் குறிப்பில் எழுதிவைத்தார்.